தபாலில் போன ஏற்பும் தபாலில் போன வாபஸும்: எது முந்தியது என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஒப்பந்தச் சட்டத் தேர்வில் ஒரு கேள்வி பல வடிவங்களில் வரும். ஒருவர் ஒரு பொருளை விற்க முன்மொழிகிறார். பிறகு மனம் மாறி, வாபஸ் வாங்கிக் கடிதம் போடுகிறார். அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் மற்றவர் "சம்மதம்" என்று எழுதித் தபாலில் சேர்த்துவிடுகிறார். ஒப்பந்தம் உண்டா, இல்லையா?

தொடக்க நிலை மாணவர்கள் இதில் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஏற்புக் கடிதம் தபாலில் சேர்ந்த உடனே ஏற்பு செல்லும் என்ற அஞ்சல் விதியைப் படித்துவிட்டு, அதை இரண்டு கடிதங்களுக்கும் போட்டுப் பார்ப்பார்கள். வாபஸ் கடிதம்தானே முதலில் தபாலில் சேர்ந்தது, அப்படியானால் அதுதான் செல்லும் என்று எழுதிவிடுவார்கள். விடை தலைகீழாகப் போய்விடும். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் அஞ்சல் விதி ஏற்புக்கு மட்டுமே உரியது. வாபஸுக்கு அது கிடையாது.

இதை ஒரு உண்மையான வழக்கை வைத்தே படிப்படியாகப் பார்க்கலாம். 1892-இல் தீர்ப்பான ஹென்தார்ன் எதிர் ஃப்ரேசர் என்ற வழக்கு இதற்கு மிகவும் பொருத்தம். ஏனென்றால் இதில் எல்லாமே ஒரே நாளின் சில மணி நேரங்களுக்குள் நடந்து முடிகிறது.

படி 1: நேரங்களை இரண்டு பத்தியாக எழுதுங்கள்

ஹென்தார்ன் பர்க்கன்ஹெட்டில் இருந்தவர். லிவர்பூலில் இருந்த ஒரு சங்கத்தின் அலுவலகத்துக்கு அவர் நேரில் போனபோது, சில வீடுகளை 750 பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளலாம், 14 நாள் அவகாசம் உண்டு என்று அதன் செயலர் எழுதிக் கையில் கொடுத்தார். மறுநாள் நடந்தது இது:

| கடிதம் | தபாலில் சேர்த்த நேரம் | சேர்ந்த நேரம் |
|---|---|---|
| செயலரின் வாபஸ் | பகல் 12-க்கும் 1-க்கும் இடையே | மாலை சுமார் 5 மணி |
| ஹென்தார்ன் தரப்பின் ஏற்பு | பிற்பகல் 3.50 | இரவு, அலுவலகம் மூடிய பிறகு |

கேள்வியில் தகவல்கள் எந்த வரிசையில் வந்தாலும் சரி, விடை எழுதத் தொடங்கும் முன் இந்த அட்டவணையைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு நேரங்கள் உண்டு: தபாலில் சேர்த்த நேரம் முதல் பத்தி, போய்ச் சேர்ந்த நேரம் இரண்டாம் பத்தி. இந்தக் கேள்வி முழுவதும், எந்தக் கடிதத்துக்கு எந்தப் பத்தியைப் பார்ப்பது என்பதுதான்.

படி 2: வாபஸ் வாங்க உரிமை இருந்ததா?

இங்கே 14 நாள் அவகாசம் தந்திருக்கிறாரே, மறுநாளே எப்படிப் பின்வாங்க முடியும் என்று தோன்றும். முடியும். அந்த அவகாசத்துக்காக மறுபயன், அதாவது பதிலுக்குப் பணமோ வேறு பயனோ, எதுவும் தரப்படாவிட்டால், "இத்தனை நாள் திறந்து வைத்திருப்பேன்" என்ற வாக்குறுதி அவரைக் கட்டாது. 1828-இல் ரூட்லெட்ஜ் எதிர் கிராண்ட் வழக்கிலேயே இது சொல்லப்பட்டாகிவிட்டது. ஏற்பு நடக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம். அவகாசத்துக்குத் தனியாகப் பணம் தந்திருந்தால் அது வேறு கதை. கேள்வியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

படி 3: வாபஸுக்கு இரண்டாம் பத்தியைப் பாருங்கள்

வாபஸ் எப்போது நடைமுறைக்கு வருகிறது? மற்றவரைச் சென்று சேரும்போது. தபாலில் சேர்த்த நேரத்துக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை.

இதை உறுதியாகச் சொன்ன வழக்கு 1880-இன் பைர்ன் எதிர் வான் டீன்ஹோவன். 1879 அக்டோபர் 1 அன்று கார்டிஃபிலிருந்து நியூயார்க்குக்குத் தகரத் தகடுகளை விற்கும் முன்மொழிவு போகிறது. 8-ஆம் தேதி வாபஸ் கடிதம் தபாலில் சேர்கிறது. 11-ஆம் தேதி முன்மொழிவு நியூயார்க்கில் கிடைக்க, அன்றே தந்தியில் ஏற்கிறார்கள். வாபஸ் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்தது 20-ஆம் தேதி. ஒப்பந்தம் உண்டு என்று தீர்ப்பானது.

நீதிபதி லிண்ட்லி தந்த காரணத்தைப் புரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். வாபஸும் தபாலில் சேர்த்த உடனே செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால், முன்மொழிவை ஏற்றுக் கடிதம் போட்ட எவரும் அதை நம்பி அடுத்த வேலையில் இறங்க முடியாது. தனக்குத் தெரியாமல் ஒரு வாபஸ் கடிதம் வழியில் இருக்குமோ என்று, அது வரக்கூடிய காலம் முழுவதும் கடந்து போகும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அனுப்பியவரின் மனசுக்குள் நடந்த மாற்றம், மற்றவருக்குத் தெரிவிக்கப்படாத வரை, அவரைப் பாதிக்கக் கூடாது.

சரி, "சென்று சேர்வது" என்றால் பிரித்துப் படிப்பதா, வந்து விழுவதா? 1974-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்த பிரிம்ன்ஸ் வழக்கில், வழக்கமான அலுவல் நேரத்தில் டெலக்ஸ் இயந்திரத்தில் வந்து விழுந்த அறிவிப்பு, யாரும் உடனே படிக்காவிட்டாலும் வந்த நேரத்திலிருந்தே செல்லும் என்றார்கள். அது கப்பல் வாடகை ஒப்பந்தத்தில் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அறிவிப்பு. முன்மொழிவின் வாபஸ் அல்ல. ஆனால் வணிக நிறுவனங்களுக்கு இடையிலான வாபஸுக்கும் இதே அளவுகோலைக் கையாண்டு வாதிடலாம். விடையில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டால் நல்லது.

அப்புறம் இன்னொன்று. வாபஸை முன்மொழிந்தவரே சொல்ல வேண்டும் என்பதில்லை. 1876-இன் டிக்கின்சன் எதிர் டாட்ஸ் வழக்கில், வீடு வேறொருவருக்குப் போகிறது என்று மூன்றாம் நபர் வழியாகத் தெரியவந்ததே போதுமானதாக இருந்தது.

ஹென்தார்ன் வழக்குக்குத் திரும்பினால், வாபஸின் நேரம் மாலை 5 மணி.

படி 4: ஏற்புக்கு முதல் பத்தியைப் பார்க்கலாமா?

"பார்க்கலாமா" என்று கேள்வியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் விதி தானாக ஓடி வராது.

விதி பிறந்தது 1818-இல், ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கில். கம்பளி விற்பதற்கான முன்மொழிவுக் கடிதத்தில் விற்பவர்களே முகவரியைத் தவறாக எழுதியதால் அது தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வாங்குபவர்கள் கிடைத்த அன்றே ஏற்றுப் பதில் போட்டார்கள். அது வருவதற்குள் விற்பவர்கள் கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். பதில் தபாலில் சேர்ந்தபோதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றது நீதிமன்றம். 1879-இல் ஹவுஸ்ஹோல்ட் ஃபயர் எதிர் கிராண்ட் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது: ஏற்புக் கடிதம் வழியிலேயே தொலைந்து, போய்ச் சேராமலே போனாலும் ஒப்பந்தம் உண்டு.

இவ்வளவு வலுவான விதி என்பதால்தான் அதற்கு எல்லைகளும் உண்டு. இரண்டை மட்டும் கவனித்தால் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும்.

முதலாவது, தபாலில் பதில் போடுவது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடிய வழியாக இருக்க வேண்டும். ஹென்தார்ன் வழக்கில் இதுதான் எதிர்த்தரப்பின் வாதம். முன்மொழிவு தபாலில் வரவில்லை, கையில்தானே கொடுத்தோம் என்றார்கள். நீதிபதி ஹெர்ஷெல் பிரபு அதை ஏற்கவில்லை. இருவரும் வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள், பதில் தபாலில் வரும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே என்றார். ஆக, முன்மொழிவு எந்த வழியில் வந்தது என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெலக்ஸ் போல உடனுக்குடன் சேரும் வழிகளுக்கு இந்த விதி இல்லை என்று 1955-இல் என்டோரெஸ் வழக்கு சொல்லிவிட்டது. மின்னஞ்சலையும் பொதுவாக இந்தப் பக்கத்தில்தான் வைக்கிறார்கள்.

இரண்டாவது, முன்மொழிந்தவர் தன் வார்த்தைகளாலேயே இந்த விதியை விலக்கிவிடலாம். 1974-இன் ஹோல்வெல் செக்யூரிட்டீஸ் எதிர் ஹியூஸ் வழக்கில், எழுத்துமூல அறிவிப்பு அவருக்குத் தரப்பட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அறிவிப்பு என்றால் அவரிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும், தபாலில் போட்டது போதாது என்று முடிவானது. கேள்வித்தாளில் "எனக்குத் தெரிவிக்க வேண்டும்", "இந்தத் தேதிக்குள் என் கையில் கிடைக்க வேண்டும்" போன்ற சொற்கள் சும்மா வருவதில்லை. கண்ணில் பட்ட உடனே அடிக்கோடு போடுங்கள்.

ஹென்தார்னுக்குக் கிடைத்த முன்மொழிவில் அப்படி எதுவும் இல்லை. எனவே ஏற்பின் நேரம் பிற்பகல் 3.50.

படி 5: ஒப்பிடுங்கள், பிறகு ஒரு தகவலை மாற்றிப் பாருங்கள்

ஏற்பு 3.50. வாபஸ் 5.00. ஏற்பு முந்திவிட்டது. ஒப்பந்தம் உருவான பிறகு வந்த வாபஸ் செல்லாது. வாபஸ் கடிதம் சில மணி நேரம் முன்பே தபாலில் சேர்ந்திருந்தும் ஹென்தார்ன்தான் வென்றார்.

இப்போது ஒரே ஒரு தகவலை மாற்றுவோம். செயலர் தந்த தாளில் "ஏற்பு எங்கள் அலுவலகத்தில் கிடைக்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்திருந்தால்? ஹோல்வெல் வழக்கின்படி அஞ்சல் விதி போய்விடும். ஏற்புக்கும் இரண்டாம் பத்தியைத்தான் பார்க்க வேண்டும். அது இரவுதான் சேர்ந்தது. வாபஸோ மாலை 5 மணிக்கே வந்துவிட்டது. ஒப்பந்தம் இல்லை. அட்டவணையில் ஒரு எண்கூட மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது. பயிற்சிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை: ஒவ்வொரு கேள்வியையும் செய்து முடித்ததும் இப்படி ஒரு வரியை மாற்றி மறுபடி செய்து பாருங்கள்.

இந்தியச் சட்டத்தில் எழுதுகிறவர்களுக்கு

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இது பிரிவு 4, 5-இல் வருகிறது. முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை, ஏற்பு மற்றவரின் கட்டுப்பாட்டை விட்டு அனுப்பப்பட்ட உடனே முழுமையாகிறது. அதற்கு முன்புவரைதான் அவர் வாபஸ் வாங்க முடியும். ஆனால் அந்த வாபஸ் யாருக்கு அனுப்பப்பட்டதோ அவரைப் பொறுத்தவரை, அவருக்குத் தெரியவரும்போதுதான் முழுமையாகிறது. இதுவரை மேலே பார்த்த விடையேதான் வரும்.

பிரிவது ஒரு இடத்தில். ஏற்பவரைப் பொறுத்தவரை, அவருடைய ஏற்பு முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போதுதான் முழுமையாகும் என்கிறது பிரிவு 4. ஆகவே கடிதம் போட்டவர் மனம் மாறி, அது போய்ச் சேரும் முன் தொலைபேசியில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், பிரிவு 5-இன்படி அவர் தப்பிக்கலாம். அஞ்சல் விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்தால், கடிதம் தபாலில் சேர்ந்த கணமே இரண்டு பேரும் கட்டுப்பட்டிருப்பார்கள். கேள்வியில் இப்படி முந்திக்கொண்டு வரும் தொலைபேசி அழைப்பு இருந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுகிறீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.