கிழிந்த கவரை வைத்து நொறுக்குத்தீனியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பஸ்ஸில் யாரோ கொடுத்த மிக்சர் நன்றாக இருந்தது. கையில் மிஞ்சியது பாதிக் கவர்தான், பெயர் இருந்த பக்கம் கிழிந்து போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் கவரின் பின்பக்கத்தில், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் fssai என்ற முத்திரையைத் தேடுங்கள். அதன் கீழேயோ பக்கத்திலோ 14 இலக்க உரிம எண் இருக்கும். நம் வேலைக்கு பார்கோடை விட இதுதான் உதவும், ஏனென்றால் சின்ன கம்பெனிகள் பல பார்கோடே போடுவதில்லை.

எண் 12419 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். முதல் 1 என்றால் உரிமம் பெற்றவர். 2 என்றால் பதிவு மட்டும் செய்த சிறு தயாரிப்பாளர். அடுத்த 24 தமிழ்நாடு. அதற்கடுத்த 19, உரிமம் 2019இல் வாங்கியது என்பதைக் காட்டும். கேரளம் என்றால் 113, கர்நாடகம் என்றால் 112 என்று தொடங்கும். 100 என்று தொடங்கினால் அது மத்திய உரிமம், அதை வைத்து மாநிலத்தைச் சொல்ல முடியாது.

அடுத்து foscos.fssai.gov.in தளத்தில் FBO Search பகுதிக்குப் போய் முழு எண்ணையும் கொடுங்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும்.

எண்ணில் ஒரு இலக்கம் கிழிந்திருந்தால் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். அப்படிப் போடும்போது ஓட்டல், பால் ஏஜென்சி என்று சம்பந்தமில்லாத பெயர்களும் வரும். தின்பண்டம் தயாரிப்பவரோ விற்பவரோ வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மசங்கிய அச்சில் 6, 8, 0 மூன்றும் ஒன்று போலவே தெரியும், அதையும் சந்தேகப்படுங்கள். சில கவர்களில் இரண்டு எண்கள் இருக்கும். முத்திரையோடு ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிராண்டுக்குச் சொந்தக்காரருடையது, மற்றது அவருக்காகத் தயாரித்துக் கொடுத்தவருடையது. கடையில் கேட்க உங்களுக்கு வேண்டியது முதலாவது.

நிறுவனத்தின் பெயரோடு 'மிக்சர்' என்று சேர்த்து இணையத்தில் படங்களைத் தேடி, கையில் உள்ள துண்டின் நிறத்தையும் எழுத்து வடிவத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே நிறுவனம் இரண்டு மூன்று பிராண்டு வைத்திருப்பது சகஜம், அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

சரி, எங்கே கிடைக்கும்? உரிமத்தில் உள்ள முகவரி பெரும்பாலும் ஆலையோ அலுவலகமோதான், அங்கே போனால் ஒரு பாக்கெட் வாங்க முடியும் என்று நினைக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண் கவரில் மிஞ்சியிருந்தால் அதிலும், இல்லையென்றால் இணையத்தில் கிடைக்கும் எண்ணிலும் அழைத்து, "எங்க ஊருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் யாருங்க?" என்று கேளுங்கள். எந்தெந்தக் கடைக்குச் சரக்கு போகிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட் என்றால் ஆன்லைனில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவை சரமாகத் தொங்குவது பெட்டிக்கடையிலும் பஸ் ஸ்டாண்டு கடையிலும்தான். உங்கள் ஊருக்கு டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை என்று சொன்னால், பக்கத்து மாவட்டத்தில் யார் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.