படிகளைக் கூட்டி ஒரு கூற்றைச் சோதிப்பது எப்படி?

முனைகளையும் அவற்றை இணைக்கும் விளிம்புகளையும் கொண்டது கோட்டுரு. எளிய கோட்டுருவில் இரண்டு முனைகளுக்கு இடையே ஒரு விளிம்புக்கு மேல் இருக்காது, எந்த முனையும் தன்னோடே இணையாது. கோட்டுருவியல் பயிற்சிகளில் அடிக்கடி வரும் ஒரு கூற்றை எடுத்துக்கொள்வோம்: "ஓர் எளிய கோட்டுருவில் 9 முனைகள், 16 விளிம்புகள். ஒவ்வொரு முனையின் படியும் 3 அல்லது 4. அப்படியானால் படி 3 உள்ள முனைகள் சரியாக 4 இருக்கும்." இது உண்மையா? படம் வரைந்து தேட வேண்டாம், கூட்டிப் பார்த்தாலே போதும்.

முதல் கட்டம்: கூட்டுத்தொகை. ஒரு முனையின் படி என்பது அதில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு நுனிகள் உண்டு. அதனால் எல்லாப் படிகளையும் கூட்டும்போது ஒவ்வொரு விளிம்பும் இருமுறை எண்ணப்படுகிறது. இங்கே கூட்டுத்தொகை 2 × 16 = 32.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: இரண்டால் பெருக்க மறந்து 16-ஐயே வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஆனால் 9 முனைகளுக்கும் குறைந்தபட்சம் 3 என்றாலே கூட்டுத்தொகை 27 வந்துவிடும். 16 அதைவிடக் குறைவு என்பதைக் கண்டாலே தவறு பிடிபடும்.

இரண்டாம் கட்டம்: ஒப்பிடுதல். 9 முனைகளுக்கும் படி 4 என்றே வைத்தால் 36 வரும். நமக்கு வேண்டியது 32, அதாவது 36 என்பது 4 அதிகம். படி 4-ஐ 3 ஆக்கினால் ஒரு முனைக்கு 1 குறையும். ஆகவே சரியாக 4 முனைகளின் படி 3 ஆக இருந்தே தீர வேண்டும். கூற்று சரி.

"படி 3 உள்ளவை 5" என்று கூற்று இருந்திருந்தால் கூட்டுத்தொகை 5 × 3 + 4 × 4 = 31. இது ஒற்றைப்படை எண், ஆனால் ஒவ்வொரு விளிம்பும் இருமுறை எண்ணப்படுவதால் கூட்டுத்தொகை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும். விளிம்புகள் எத்தனை என்று கேட்காமலேயே அதை நிராகரித்துவிடலாம்.

மூன்றாம் கட்டம்: அப்படி ஒரு கோட்டுரு உண்டா? கூட்டுத்தொகை பொருந்துவதால் மட்டும் கோட்டுரு இருக்கிறது என்று ஆகிவிடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 3, 3, 3, 1 என்ற படிகளைப் பாருங்கள். கூட்டுத்தொகை 10, இரட்டைப்படைதான். ஆனால் 4 முனைகளில் படி 3 உள்ள ஒவ்வொன்றும் மற்ற எல்லா முனைகளோடும் இணைந்திருக்க வேண்டும். எனவே கடைசி முனைக்கும் மூன்று விளிம்புகள் வந்துவிடும், 1 என்பது நடக்காது.

நம் கோட்டுருவை வரைந்தே காட்டலாம். 1 முதல் 9 வரை வட்டமாக எழுதி, ஒவ்வொன்றையும் அடுத்ததோடும் அதற்கடுத்ததோடும் இணையுங்கள். 18 விளிம்புகள் கிடைக்கும், எல்லாப் படியும் 4. இப்போது 1-2, 5-6 ஆகிய இரண்டு விளிம்புகளை அழித்தால் 16 மிஞ்சும். 1, 2, 5, 6 ஆகிய நான்கு முனைகளின் படி 3 ஆகும். அழிக்கும் இரண்டும் பொது முனை இல்லாதவையாக இருக்க வேண்டும். 1-2, 2-3 என்று அழித்தால் முனை 2-இன் படி 2 ஆகிவிடும், நிபந்தனை உடைந்துவிடும்.