பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரையைக் கண்டறிவது எப்படி?

கடையில் குழந்தை கையை இழுத்துக்கொண்டிருக்கும்போது பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அனைத்தையும் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் இங்கே சர்க்கரையை மட்டும் பார்ப்போம். முன்பக்கத்தை விட்டுவிட்டு, பாக்கெட்டை நேராகப் பின்பக்கம் திருப்புங்கள்.

படி 1: பொருள்களின் பட்டியல்

‘இன்கிரீடியன்ட்ஸ்’ என்ற பட்டியலில், எடையில் அதிகமாக உள்ள பொருளே முதலில் வர வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மைதாவுக்கு அடுத்த இடத்திலேயே சர்க்கரை இருந்தால் அதன் அளவு அதிகம் என்று ஊகிக்கலாம். ஆனால் இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ் என்று பல பெயர்களில் பிரித்துச் சேர்க்கும்போது ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும் என்பதால், இந்த ஊகத்தோடு நின்றுவிடக் கூடாது.

படி 2: ‘ஆடட் ஷுகர்ஸ்’ வரி

ஊட்டச்சத்து அட்டவணையில் ‘டோட்டல் ஷுகர்ஸ்’ என்பதற்குக் கீழே இந்த வரி இருக்கும். மொத்தச் சர்க்கரையில் பாலிலும் பழத்திலும் இயல்பாக உள்ளதும் அடங்கும். தயாரிப்பாளர் தனியாகச் சேர்த்தது எவ்வளவு என்பதை இந்த வரிதான் சொல்கிறது.

படி 3: குழந்தைக்கு ஏற்பக் கணக்கிடுதல்

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். 60 கிராம் எடையும் ஆறு பிஸ்கட்டுகளும் கொண்ட ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டில், 100 கிராமுக்கு 35 கிராம் சேர்த்த சர்க்கரை என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பரிமாறல் 20 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட். அதற்கு 7 கிராம் சர்க்கரை, நாள் தேவையில் 14 சதவீதம் என்று பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். இந்தச் சதவீதம், நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி உண்ணும் பெரியவருக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற அளவை வைத்துப் போடப்படுகிறது.

குழந்தை இரண்டோடு நிறுத்துவதில்லை. முழுப் பாக்கெட்டும் தீர்ந்தால் 60-ஐ 35-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்க, 21 கிராம் வருகிறது. இது தலை தட்டிய ஐந்து டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1360 கிலோ கலோரி போதும். அதில் பத்து சதவீதத்துக்கு மேல் இத்தகைய சர்க்கரையிலிருந்து வரக் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைக் கொண்டு பார்த்தால், உச்ச அளவு 34 கிராம்தான். பாக்கெட்டில் 14 சதவீதம் என்று படித்தது, அந்தக் குழந்தையின் வயிற்றில் 60 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

படி 4: இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிடுதல்

ஒரு நிறுவனம் பரிமாறல் அளவை 20 கிராம் என்றும், இன்னொன்று 30 கிராம் என்றும் வைத்திருக்கலாம். ஆகவே அந்தக் கட்டத்தை ஒதுக்கிவிட்டு, ‘100 கிராமுக்கு’ என்ற கட்டத்தில் உள்ள சேர்த்த சர்க்கரையை மட்டும் ஒப்பிடுங்கள்.