கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கிளினிக்: வகையும் விவரிப்பும் எழுதுவது எப்படி?

மதுரை கே.புதூரில் அண்ணி கிளினிக் வைத்திருக்கிறார். அதன் கூகுள் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நான்தான். கணக்குத் திறந்து சரிபார்ப்பு முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூகுளில் கிளினிக் பெயரைத் தேடி Edit profile அழுத்துங்கள்.

முதலில் வகை. நான் தவறியது இங்கேதான். Primary category என்ற இடத்தில், பெரிதாகத் தெரியட்டும் என்று Hospital வைத்துவிட்டேன். இரவு 11 மணிக்கு "பெட் இருக்கா?" என்று போன் வரத் தொடங்கியது. நெஞ்சுவலி வந்தவரை ஆட்டோவில் ஏற்றி, பூட்டிய கதவு வரை கொண்டுவந்துவிட்டார்கள். அன்றே மாற்றினேன்.

இந்த வகை, நாம் என்னவாக இருக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதை அல்ல. பட்டியலில் உள்ளதைத்தான் எடுக்க முடியும். ஒரே டாக்டர் எல்லா வயதினரையும் பார்க்கிறார் என்றால் Family practice physician பொருந்தும். இரண்டு மூன்று டாக்டர்கள் மாறி மாறி வந்தால் Medical clinic. கூடுதலாக 9 வகைகள் சேர்க்கலாம், ஆனால் நான் ஒன்றோடு நிறுத்துவேன். அண்ணி குழந்தைகளையும் பார்க்கிறார், ஆனால் குழந்தை மருத்துவ நிபுணர் இல்லை. அதனால் Pediatrician போடவில்லை. இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறோம் என்பதற்காக Medical laboratory போடவும் கூடாது. அதெல்லாம் Services பகுதிக்குப் போகட்டும்.

அப்புறம் Description. 750 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. தமிழில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். 'கிளினிக்' நம் கண்ணுக்கு 4 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 8. கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் நோட்பேடில் எழுதிச் சுருக்கிவிட்டு ஒட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. நாங்கள் போட்டது இது:

"கே.புதூர், ஆத்திகுளம், சர்வேயர் காலனி குடும்பங்களுக்கான பொது மருத்துவ கிளினிக். காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம், குழந்தைகளுக்கான தடுப்பூசி. இரத்த மாதிரி இங்கேயே எடுக்கிறோம். படுக்கை வசதியும் இரவு அவசர சிகிச்சையும் இல்லை."

கடைசி வரியை அண்ணி முதலில் எடுக்கச் சொன்னார். நான் விடவில்லை. அலைந்து வருகிறவருக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

இணைய முகவரி, சலுகை, கட்டணம் இங்கே எழுதாதீர்கள், கூகுள் ஏற்காது. "நம்பர் 1", "முழு குணம் உறுதி" போன்றவையும் வேண்டாம். விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதை மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடுக்கின்றன. ஊர்ப் பெயரைச் சேர்க்கும் ஆசையில் கிளினிக் பெயரையே "புதூர் பெஸ்ட் கிளினிக்" என்று மாற்றினால் பக்கம் முடக்கப்படலாம். போர்டில் உள்ள பெயரே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: வாசலில் உள்ள மெடிக்கல் ஷாப்பை Pharmacy என்று கூடுதல் வகையில் சேர்க்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கடை வேறொருவருடையது என்றால் சேர்க்காதீர்கள், அவர் தனிப் பக்கம் திறக்கட்டும். வகையை மாற்றினால் கூகுள் சில சமயம் மறுபடி சரிபார்ப்புக் கேட்கும். போர்டு தெரியும்படி ஒரு வீடியோ எடுக்கத் தயாராக இருந்துகொண்டு மாற்றுங்கள்.