ஹாஸ்டல் நட்பு வட்டத்தை வரைந்து பார்ப்போம்: கணு, பிணைப்பு, மையத்தன்மை

ஒரு ஹாஸ்டலில் எல்லாருக்கும் பிடித்த பெண் ஒருத்தி இருப்பாள். ஒரு பக்கத்துச் செய்தி இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டுமானால் அதற்கு வழியாக இருப்பவளும் ஒருத்தி உண்டு. இருவரும் ஒரே ஆள்தான் என்று நாம் சாதாரணமாக நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது சரியில்லை. சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வைப் புதிதாகப் படிக்க வருபவர் முதலில் கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். ஒரு தாளும் பேனாவும் போதும். கம்ப்யூட்டர் கடைசியில் வந்தால் போதும்.

இந்தத் துறையின் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றும் பெண்கள் தங்கிப் படித்த இடத்தைப் பற்றியதுதான். 1932-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் என்ற ஊரின் பெண்கள் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 பேர் ஓடிப்போனார்கள். யாக்கோப் மொரேனோ, ஹெலன் ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அங்கே யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதைப் படமாக வரைந்து, ஓடிப்போகும் எண்ணம் அந்தப் பிணைப்புகளின் வழியே பரவியிருக்கும் என்று விளக்கினார்கள். ஒவ்வொரு பெண்ணின் குணத்தையும் தனித்தனியாக அலசுவதை விட்டு, அவள் வலைப்பின்னலில் எங்கே இருக்கிறாள் என்று பார்த்தார்கள். நாமும் அதையே செய்யப் போகிறோம்.

நம் எடுத்துக்காட்டு கற்பனையானது. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி, அதில் ஒன்பது பேர். விடுதியில் ஆளை ஊர்ப் பெயரால் கூப்பிடும் பழக்கம் உண்டு அல்லவா, அதையே நாமும் வைத்துக்கொள்வோம். கோபி, பவானி, அந்தியூர், சத்தி, நம்பியூர் ஐவரும் கீழ்த்தளம். பல்லடம், காங்கயம், அவிநாசி மூவரும் மேல்தளம். ஊத்துக்குளிக்காரியின் அறை மாடிப்படியை ஒட்டி இருக்கிறது.

படி 1: கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

ஆள் ஒவ்வொருவரும் ஒரு கணு. இருவருக்கு இடையே உள்ள உறவு ஒரு பிணைப்பு. கணுவை எண்ணுவது சுலபம். எதைப் பிணைப்பு என்று சொல்வது என்பதில்தான் வேலை கெடும்.

"உன் ஃபிரெண்ட்ஸ் யார் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாருந்தானுங்க்கா" என்றுதான் பதில் வரும். அதை வைத்து வரைந்தால் எல்லாரிடமிருந்தும் எல்லாருக்கும் கோடு ஓடும், அந்தப் படத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. விடுதி வாட்ஸ்அப் குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தாலும் இதே கதைதான்.

அதனால் நடந்த ஒன்றைக் கேளுங்கள், காலத்தையும் குறிப்பிடுங்கள்: "போன வாரம், பாடம் சம்பந்தம் இல்லாத ஒரு விஷயத்தை யாரிடம் நீயாகப் போய்ச் சொன்னாய்?" நமக்குத் தெரிய வேண்டியது பேச்சு எந்த வழியாகப் போகிறது என்பது, அதற்கு இந்தக் கேள்வி பொருந்தும். உடம்பு சரியில்லாதபோது யார் துணை என்று பார்க்க வேண்டுமானால் கேள்வி வேறு, வரும் படமும் வேறு. "மூன்று பேர் மட்டும் சொல்" என்று வரம்பு போடாதீர்கள். ஐந்து பேரிடம் பேசுகிறவள் இருவரை விட்டுவிடுவாள், விடுபட்டது முக்கியமான கோடா இல்லையா என்று பிறகு உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

படி 2: பட்டியலாக எழுதுங்கள்

பதில்களைச் சேர்த்து, யாராவது ஒருத்தி மற்றவளைச் சொல்லியிருந்தாலே பிணைப்பு உண்டு என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்வோம். வரிக்கு ஒரு பிணைப்பு:

```
கோபி பவானி
கோபி நம்பியூர்
கோபி அந்தியூர்
கோபி சத்தி
பவானி நம்பியூர்
பவானி அந்தியூர்
நம்பியூர் சத்தி
அந்தியூர் ஊத்துக்குளி
சத்தி ஊத்துக்குளி
ஊத்துக்குளி பல்லடம்
பல்லடம் காங்கயம்
பல்லடம் அவிநாசி
காங்கயம் அவிநாசி
```

ஒன்பது கணுக்கள், பதின்மூன்று பிணைப்புகள். இதைத் தாளில் புள்ளியும் கோடுமாக வரையுங்கள். கோடுகள் அதிகம் குறுக்கிடாதபடி புள்ளிகளை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம், அதனால் ஒன்றும் மாறாது. படத்தின் நடுவில் ஒரு புள்ளி இருப்பதாலேயே அவள் மையம் ஆகிவிட மாட்டாள். புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் அடிக்கடி ஏமாறுகிறார்கள். மையமா இல்லையா என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

படி 3: டிகிரி

ஒருத்தியைத் தொடும் கோடுகளை எண்ணினால் அது அவளுடைய டிகிரி. கோபிக்கு 4. காங்கயம், அவிநாசி இருவருக்கும் 2. மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு 3. எல்லாவற்றையும் கூட்டினால் 26 வர வேண்டும். ஒவ்வொரு கோடும் இரண்டு முனையிலும் எண்ணப்படுவதால், கூட்டுத்தொகை பிணைப்புகளின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்காக இருக்கும். 26 வரவில்லையென்றால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது, அல்லது கூடியிருக்கிறது.

டிகிரிப்படி கோபிதான் முதலிடம். ஊத்துக்குளி அந்த மூன்று வாங்கிய கூட்டத்தில் ஒருத்தி, அவ்வளவுதான்.

படி 4: இடைநிலை மையத்தன்மை

இந்த அளவை லின்டன் ஃப்ரீமன் என்ற சமூகவியலாளர் 1977-இல் முறைப்படுத்தினார். கேட்பது இதுதான்: மற்ற இருவரை இணைக்கும் மிகக் குறுகிய வழிகளில் எத்தனை இவள் வழியாகப் போகின்றன? ஒரு ஜோடிக்கு ஒரே குறுகிய வழி இருந்து, அது இவள் வழியாகப் போனால் இவளுக்கு 1. சம நீளத்தில் இரண்டு வழிகள் இருந்து, அதில் ஒன்று மட்டும் இவள் வழியாகப் போனால் அரை.

ஊத்துக்குளிக்குக் கணக்குப் போடுவோம். கீழே ஐந்து பேர், மேலே மூன்று பேர். கீழிருந்து மேலே போகும் எந்த வழியும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐந்தை மூன்றால் பெருக்கினால் 15 ஜோடிகள், ஆகவே 15. அப்புறம் அந்தியூரும் சத்தியும் நேராக இணையவில்லை. அவர்களுக்குக் கோபி வழியாக ஒரு வழி, ஊத்துக்குளி வழியாக இன்னொரு வழி. அதற்கு அரை. மொத்தம் 15.5.

இப்போது கோபி. அந்தியூர்–சத்தி ஜோடியில் மீதி அரை அவளுக்கு. பவானி சத்தியை அடைய கோபி வழியாகவும் போகலாம், நம்பியூர் வழியாகவும் போகலாம், அங்கே ஓர் அரை. அந்தியூர் நம்பியூரை அடைவதிலும் அதேபோல் ஓர் அரை. மாடிக்குப் போகும் பேச்சு எதற்கும் அவள் தேவையே இல்லை. பவானி அந்தியூர் வழியாகப் போய்விடுவாள், நம்பியூர் சத்தி வழியாகப் போய்விடுவாள். மொத்தம் 1.5.

நான்கு பேருக்கு நெருக்கமான கோபிக்கு 1.5, மூன்று பேரை மட்டும் தொடும் ஊத்துக்குளிக்கு 15.5. ஏன் இப்படி? கோபியின் நண்பர்கள் தங்களுக்குள்ளும் இணைந்திருக்கிறார்கள், அதனால் அவள் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஊத்துக்குளியின் நண்பர்கள் இரண்டு தனித்தனிக் கூட்டங்களைச் சேர்ந்தவர்கள். கோபி ஒரு வாரம் ஊருக்குப் போனால் கீழ்த்தளத்துக்கு அவள் இல்லையே என்று இருக்கும், ஆனால் பேச்சு ஓடும். ஊத்துக்குளி போனால் 15 ஜோடிகளுக்கு இடையே வழியே இல்லாமல் போகும்.

அடுத்த இடம் பல்லடத்துக்கு, 12. காங்கயம், அவிநாசி இருவரும் மற்ற ஆறு பேரை அவள் வழியாகத்தான் அடைய முடியும். அந்தியூருக்கும் சத்திக்கும் ஆளுக்கு 6 வரும். அதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 5: கணினியில் சரிபாருங்கள்

மேலே உள்ள பட்டியலை `natpu.txt` என்று சேமியுங்கள், கடைசியில் வெற்று வரி வேண்டாம். பைத்தானில் `pip install networkx` என்று நிறுவிய பிறகு:

```python
import networkx as nx

G = nx.Graph()
for v in open("natpu.txt", encoding="utf-8-sig"):
    G.add_edge(*v.split())

print(G.number_of_nodes())
print(dict(G.degree()))
print(nx.betweenness_centrality(G, normalized=False))
```

முதல் எண்ணை முதலில் பாருங்கள். 9 வர வேண்டும். 10 வந்தால் பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். ஒரு வரியில் அவிநாசி, இன்னொரு வரியில் அவினாசி என்று எழுதியிருந்தால் கணினி அவர்களை இரண்டு பேராக எடுத்துக்கொள்ளும். `normalized=False` என்பதை விட்டுவிட்டால் 15.5-க்குப் பதிலாக 0.55 அளவில் ஓர் எண் வரும். அது 15.5-ஐ 28-ஆல் வகுத்தது. மீதி எட்டுப் பேரில் எத்தனை ஜோடி அமையுமோ, அதுதான் அந்த 28. வெவ்வேறு அளவுள்ள விடுதிகளை ஒப்பிடும்போது அந்த வடிவம் உதவும்.

படி 6: ஒருதலைப் பிணைப்புகளைத் தனியாகப் பாருங்கள்

ஆரம்பத்தில் "யாராவது ஒருத்தி சொன்னால் போதும்" என்று வைத்தோம். அது ஒரு தேர்வு, அதன் விளைவைச் சோதிக்காமல் முடிவு எழுதக்கூடாது. மூன்று பிணைப்புகள் ஒருதலையானவை என்று வைத்துக்கொள்வோம்: அந்தியூரும் நம்பியூரும் கோபியைச் சொன்னார்கள், கோபி அவர்களைச் சொல்லவில்லை. பல்லடம் ஊத்துக்குளியைச் சொன்னாள், ஊத்துக்குளி அவளைச் சொல்லவில்லை.

இருவரும் சொன்னால் மட்டுமே பிணைப்பு என்று விதியை மாற்றினால், இந்த மூன்று கோடுகளும் போய் பத்துதான் மிஞ்சும். கோபியின் டிகிரி 2 ஆகிவிடும், பவானி 3-உடன் அவளுக்கு மேலே வருவாள். அதைவிடப் பெரிய விஷயம், வலைப்பின்னலே ஆறு பேர், மூன்று பேர் என்று இரண்டாக உடைந்துவிடும். ஊத்துக்குளியின் 15.5-இல் 15 அந்த ஒற்றைக் கோட்டை, அதாவது பல்லடத்துக்குப் போகும் கோட்டை, நம்பியிருந்தது. ஆகவே இடைநிலை எண் பெரிதாக வந்தால், அது எந்தக் கோட்டைச் சார்ந்திருக்கிறது, அந்தக் கோட்டை எத்தனை பேர் உறுதி செய்தார்கள் என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். இரண்டு விதியிலும் கணக்குப் போட்டு இரண்டையும் எழுதுவதுதான் என் வழக்கம்.

இன்னொரு வரம்பும் உண்டு. பேச்சு எப்போதும் குறுகிய வழியில் போகும் என்று இடைநிலை மையத்தன்மை எடுத்துக்கொள்கிறது. ஒருத்தியிடம் பென் டிரைவ் வாங்கி வரச் சொன்னால் அப்படிப் போகலாம். வதந்தி சுற்றிச் சுற்றித்தான் போகும், அதற்கு இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

உண்மையான விடுதியில் இதைச் செய்வதானால் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுச் செய்யுங்கள். ஊர்ப் பெயரும் கூட வேண்டாம், எண் போடுங்கள், எந்த எண் யார் என்ற தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள். ஒன்பது பேர் படத்தில் யாரையும் யாரும் சொல்லாத ஒரு புள்ளி இருந்தால், பெயர் இல்லாவிட்டாலும் விடுதிக்கே அவள் யார் என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டக்கூடாது, வார்டனிடமும் கொடுக்கக்கூடாது. அவர்களுக்கு வேண்டியது எண்களாகவே கிடைக்கும்: இரண்டு தளங்களுக்கும் இடையே ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்பது போல.