ஏஐ படத்தைச் சாம்பிள் என்று பையர் நினைக்காமல் எழுதுவது எப்படி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது டிசைனை வெளிநாட்டுப் பையருக்குக் காட்ட முன்பெல்லாம் துணியில் கொஞ்சமாவது அச்சடித்தாக வேண்டும். இப்போது ஏஐ கருவியில் நாலு வரி எழுதினால் போதும். கட்டிலில் விரித்த பெட்ஷீட், அதில் விழும் ஜன்னல் வெளிச்சம், தலையணை ஓரத்துச் சுருக்கம் வரை வந்துவிடுகிறது. பார்க்கிறவருக்கு அது போட்டோ. துணி நெய்து, அச்சடித்து, தைத்து, விரித்துப் படம் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதில் அவர் மேல் குற்றமில்லை. விளக்க வேண்டியது அனுப்புகிற நாம்தான், அந்த விளக்கத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பூப்போட்ட காட்டன் பெட்ஷீட் செட் ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஆறு படங்களோடு ஏற்றுமதியாளரிடமிருந்து இப்படி ஒரு மெயில் போகிறது: “எங்கள் புதிய கலெக்‌ஷனின் படங்களை இணைத்துள்ளோம். அசல் தயாரிப்பின் நிறம் சற்று மாறுபடலாம். உங்கள் அப்ரூவலுக்குக் காத்திருக்கிறோம்.” மரியாதையான, வழக்கமான மெயில்தான். ஆனால் மூன்று வாக்கியங்களிலும் தவறு இருக்கிறது.

‘புதிய கலெக்‌ஷனின் படங்கள்’ என்றதுமே கலெக்‌ஷன் ஒன்று கையில் இருக்கிறது என்றாகிவிடுகிறது. உண்மையில் ஒரு மீட்டர் துணிகூட அச்சாகவில்லை. படம் கணினியில் உருவானது, இந்தப் பொருள் இன்னும் தயாரிக்கப்படவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போடுவதும், ‘டிஜிட்டல் விஷுவல்’ என்று மழுப்புவதும் போதாது. டிஜிட்டல் கேமராவில் எடுத்த போட்டோவும் டிஜிட்டல் விஷுவல்தானே என்று பையர் நினைத்தால் என்ன பதில் சொல்வீர்கள்? இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறு படங்களில் இரண்டு பழைய ஆர்டரின் நிஜப் போட்டோ, நான்கு உருவாக்கியவை என்று ஒரே ஃபோல்டரில் கலந்து அனுப்பினால், நிஜப் போட்டோவின் நம்பகத்தன்மை மற்ற நான்குக்கும் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் தனித்தனி மெயிலில் அனுப்புவதே நல்லது.

மூன்றிலும் மோசமானது இரண்டாவது வாக்கியம். ‘அசல் தயாரிப்பின் நிறம் சற்று மாறுபடலாம்’ என்பது கேட்லாக் போட்டோக்களுக்கு எழுதும் வாசகம். பொருள் இருக்கிறது, கேமராவும் திரையும் நிறத்தைக் கொஞ்சம் மாற்றிக் காட்டலாம், மற்றபடி எல்லாம் படத்தில் உள்ளபடியே என்பதுதான் அதன் அர்த்தம். எச்சரிக்கை செய்வதாக நினைத்து உறுதிமொழி கொடுத்துவிடுகிறோம். நிறத்தை மட்டும் விலக்கிச் சொன்னதால், மற்ற எதுவும் மாறாது என்று பையர் வாதிட வழி திறந்துவிடுகிறது.

மாறப்போவது நிறம் மட்டுமல்ல என்பது அச்சுக்கூடத்தில் தெரியும். நம் படத்தில் வாட்டர்கலரில் வரைந்தது போன்ற பெரிய பூக்கள் ஷீட் முழுக்கப் படர்ந்திருக்கின்றன, ஒரு பூவைப் போல இன்னொன்று இல்லை. உருளை வடிவ ஸ்கிரீனால் அச்சடிக்கும் ரோட்டரி முறையில் இது நடக்காது. உருளையின் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ. ஒரு சுற்று முடிந்ததும் அதே டிசைன் திரும்ப வந்தாக வேண்டும். 250 செ.மீ. நீளமுள்ள ஷீட்டில் ஒரே பூ நீளவாக்கில் ஏறக்குறைய நான்கு முறை வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும் என்பதால், படத்தில் இதழோரம் கரைந்து போகிற எண்ணற்ற சாயல்கள் எட்டோ பத்தோ நிறங்களாகச் சுருங்கும். டிஜிட்டல் பிரின்ட்டில் போட்டால் படத்துக்கு இன்னும் நெருங்கலாம், ஆனால் நீங்கள் கொடுத்த விலை ரோட்டரிக்கானது.

துணியும் அப்படித்தான். படத்தில் ஷீட் லேசாக மினுங்குகிறது. அது சாட்டின் நெசவின் மினுமினுப்பு. விலை சொல்லியிருப்பதோ பெர்கேல் துணிக்கு. அது சாதா நெசவு, மினுக்கமே இருக்காது. தலையணை உறையைச் சுற்றி ஒரு பைப்பிங் ஓடுகிறதே, அதை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. அழகுக்காகக் கருவியே போட்டுவிட்டது, காஸ்டிங்கில் அது கிடையாது. அனுப்புவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி, தையல், ஓரம், பட்டன், லேபிள் என்று ஒவ்வொன்றாக ஸ்பெக் ஷீட்டோடு வைத்துப் பாருங்கள். கேட்காமல் வந்த ஐட்டம் இருந்தால் படத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ‘பைப்பிங் விலையில் சேராது’ என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பொதுவாக ‘மாறுபடலாம்’ என்பதைவிட, மாறப்போகிற மூன்று நான்கு விஷயங்களைப் பெயரோடு சொல்வதுதான் பையருக்கும் உதவும், உங்களையும் காப்பாற்றும்.

மூன்றாவது வாக்கியம், ‘அப்ரூவலுக்குக் காத்திருக்கிறோம்’. இந்தத் தொழிலில் அப்ரூவல் என்றால் கையில் தொட்டுப் பார்த்த ஒன்றுக்குக் கொடுப்பது. நிறம் பார்க்கச் சாயமேற்றிய சிறு துணியான லேப் டிப், டிசைனை அச்சடித்துக் காட்டும் துணித்துண்டான ஸ்ட்ரைக் ஆஃப், உற்பத்திக்கு முன் தைத்துக் காட்டும் பி.பி. சாம்பிள் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். படத்துக்கும் அதையே கேட்டால், பையர் ‘அப்ரூவ்டு’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடுவார், அவர் பார்வையில் சாம்பிள் கட்டம் முடிந்துவிடும். ‘இந்தத் திசையில் மேலே போகலாமா, எந்த டிசைனுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் போடட்டும்’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்டும் அவர் ‘அப்ரூவ்டு’ என்றே எழுதினால் சும்மா இருந்துவிடாதீர்கள். “நன்றி. இதை டிசைன் திசைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம். நிறம், அச்சு, துணி ஆகியவற்றுக்கான அப்ரூவல் ஸ்ட்ரைக் ஆஃப் பார்த்த பிறகு” என்று அன்றைக்கே பதில் போட்டுவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துச் சொன்னால் பின்வாங்குவது போலத் தெரியும்.

மெயிலை நன்றாக எழுதிவிட்டாலும் இன்னொரு இடத்தில் கோட்டை விடுகிறோம். பையர் பக்கத்தில் மெயிலைப் படிப்பவர் ஒருவர், படத்தைப் பார்ப்பவர்கள் பலர். மெர்ச்சண்டைசர் படத்தை மட்டும் சேமித்து டிசைன் டீமுக்கு அனுப்புவார், அங்கிருந்து பிரசன்டேஷனுக்குப் போகும், கடைசியில் கடைக்காரர்களுக்கு ஆர்டர் பிடிக்கும் ஆள் கையில் இருக்கும். நம் விளக்கம் முதல் மெயிலோடு நின்றுவிடும். அதனால் விளக்கம் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இது யோசனைப் படம், சாம்பிள் அல்ல என்று பையருக்குப் புரியும் மொழியில், துணியின் மேலேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் போடுங்கள். ஓரத்தில் போட்டால் யாராவது கிராப் செய்யும்போது போய்விடும். ஃபைல் பெயரும் அதையே சொல்லட்டும்:

```
CONCEPT-NOT-SAMPLE_bedset-03_v2.jpg
```

நிறத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. டிசைன் டீமில் யாராவது படத்தின் ஒரு இதழில் ஐடிராப்பரை வைத்து நிறத்தை எடுத்து, அதற்கு நெருக்கமான பேன்டோன் எண்ணைத் தேடி ஆர்டரில் எழுதிவிடுவார்கள். அந்த இதழிலேயே வெளிச்சம் படும் இடத்தில் ஒரு நிறம், நிழலில் வேறு நிறம். எந்தப் புள்ளியில் எடுத்தார் என்பதைப் பொறுத்து எண் மாறும். ‘படத்திலிருந்து நிறம் எடுக்க வேண்டாம், உங்களுக்கு வேண்டிய பேன்டோன் டி.சி.எக்ஸ். எண்களை நீங்களே கொடுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் லேப் டிப் சுற்றுகள் குறையும்.

அப்புறம் பர்சேஸ் ஆர்டர் வரும்போது கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். பல பையர்கள் ஸ்டைல் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு படம் ஒட்டுவார்கள். நம் யோசனைப் படம் அங்கே உட்கார்ந்துவிட்டால், அது ஒப்பந்தத்தில் உள்ள பொருள் விவரணையின் பகுதி என்று வாதிட இடம் கிடைத்துவிடும். 1980இல் வியன்னாவில் உருவான ஐ.நா. சர்வதேசச் சரக்கு விற்பனை உடன்படிக்கையின் 35ஆவது பிரிவு, ஒப்பந்தம் கேட்கும் தரமும் விவரணையும் சரக்கில் இருக்க வேண்டும் என்கிறது. விற்பவர் சாம்பிளாகவோ மாடலாகவோ காட்டியதன் தன்மைகளும் இருக்க வேண்டும், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. எல்லா நாடுகளும் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை, ஒப்பந்தத்தில் அதை விலக்கியும் வைக்கலாம். ஆனால் ஏஐ படம் ‘மாடல்’ ஆகுமா ஆகாதா என்று வக்கீலை வைத்து வாதாடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? ஆர்டரில் படம் இருந்தால் அதை நீக்கித் திருத்திய ஆர்டரைக் கேளுங்கள். தயங்கினால், ‘படம் அடையாளத்துக்கு மட்டும், தரத்துக்கு ஆதாரம் ஸ்பெக் ஷீட்டும் சீல்டு சாம்பிளும்’ என்ற வரியை ஆர்டரிலும் ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

சரி, அந்த மூன்று வரி மெயில் எப்படி இருந்திருக்க வேண்டும்? ஏறக்குறைய இப்படி:

“இணைப்பில் உள்ள ஆறு படங்களும் ஏஐ கருவியில் உருவாக்கியவை. இந்த பெட்ஷீட் செட் இன்னும் தயாரிக்கப்படவில்லை. டிசைனின் போக்கு உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க மட்டுமே அனுப்புகிறோம். அச்சு 64 செ.மீ. ரிப்பீட்டில், அதிகபட்சம் எட்டு நிறங்களில் வரும், ஆகவே படத்தில் உள்ள நுண்ணிய சாயல்கள் அப்படியே வராது. துணி பெர்கேல், படத்தில் தெரியும் மினுமினுப்பு இருக்காது. பைப்பிங் விலையில் சேரவில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் டிசைனுக்கு, ஆர்டர் துணியிலேயே ஸ்ட்ரைக் ஆஃப் போட்டு அனுப்புகிறோம். நிறத்துக்கும் அச்சுக்கும் அதுதான் ஆதாரம். தைத்து முடித்த பொருளுக்கு நீங்கள் சீல் வைக்கும் பி.பி. சாம்பிள் ஆதாரம். அதுவரை இந்தப் படங்களை விற்பனைக்கோ ஆர்டர் ஆவணத்திலோ பயன்படுத்த வேண்டாம். எந்த இரண்டு டிசைன்களுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் போடட்டும்?”

இதில் மன்னிப்புத் தொனி எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘தவறாக நினைக்க வேண்டாம்’, ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஆரம்பித்தால் ஏதோ மறைத்து மாட்டிக்கொண்டது போல ஆகிவிடும். கருவியின் பெயர், அது எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாமும் பையருக்குத் தேவையில்லை. கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் பையர் பதில் எழுதும்போதே அடுத்த கட்டம் ஸ்ட்ரைக் ஆஃப் என்பதை ஒப்புக்கொண்டவராகிறார்.

ஸ்ட்ரைக் ஆஃப் அப்ரூவ் ஆனதும் அதன் போட்டோவை எடுத்து, அதே ஸ்டைல் நம்பரோடு அனுப்பி, பழைய படங்களை அழித்துவிடும்படி எழுதுங்கள். உங்கள் ஷேர்டு ஃபோல்டரிலிருந்தும் அவற்றை எடுத்துவிடுங்கள். ரிப்பீட் ஆர்டர் வரும்போது புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் அந்த ஃபோல்டரைத்தான் முதலில் திறப்பார்.