வெண்பாவைப் பாட்டாக்கும்போது சறுக்கும் இடங்கள்

2018-ல் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தபோது ஒரு குறள் வெண்பா எழுதினேன்.

மஞ்சு படிந்த மலைச்சரிவில் பூத்தவுடன்
நெஞ்சில் குறிஞ்சி நிறம்.

பழனிக்குக் காவடியோடு நடக்கும் எங்கள் ஊர்க் குழுவுக்கு இதைப் பாட்டாக்கித் தர முயன்றபோது ஒவ்வொரு தவறாகச் செய்தேன்.

முதல் தவறு, 'எப்படியும் பாட்டாகத்தானே மாறப்போகிறது' என்று, சீரும் சீரும் இணையும் தளையில் அசட்டையாக இருந்தது. முதலில் 'மஞ்சு மூடிய' என்றுதான் எழுதியிருந்தேன். 'மஞ்சு' தேமா. மாச்சீருக்குப் பின் நிரையசை வரவேண்டும், 'மூ' நேரசை. தளை தட்டியது. 'படிந்த' என்று மாற்றியதும் ஓசை சரியாகிவிட்டது. அதைவிட, பனி மலைமேல் மெல்ல உட்காருவதும் கண்ணுக்குத் தெரிந்தது. வெண்பாவை முடிக்காமல் தளர்த்தினால் இப்படி ஒரு சொல் கிடைக்காமலே போய்விடும்.

அடுத்தது பெரிய தவறு: வெண்பாவை அப்படியே தாளத்தில் ஏற்றியது. வெண்பா அசைக்கணக்கில் நடக்கிறது. நடைப்பாட்டுக்கு வேண்டியது எழுத்துக்கணக்கு. மெய்யெழுத்தை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். 'மஞ்சு' இரண்டு, 'படிந்த' மூன்று, 'மலைச்சரிவில்' ஐந்து, 'பூத்தவுடன்' நான்கு. நான்கு எண்ணிக்கைக்கு ஓர் அடி வைத்து நடப்பவர் முதல் சீரில் இழுக்க வேண்டும், மூன்றாவதில் விழுங்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் 'மலச்சரில்' என்றுதான் பாடினார்கள். ஆகவே அடியின் கடைசிப் பங்கைத் தவிர ஒவ்வொரு பங்கும் நான்கெழுத்தாக வரும்படி பிரித்துக் கட்டினேன்:

மஞ்சு வந்து | மூடி நிற்கும் | மலைச்சரி | விலே
நெஞ்சுக் குள்ளே | குறிஞ்சிப்பூ | நிறமிருக் | குதே

தளையில் தோற்ற 'மூடி' இங்கே தாராளமாகத் திரும்பி வந்துவிட்டது. 'குறிஞ்சிப்பூ' என்றாலே போதும் என்பதால் 'பூத்தவுடன்' கழன்றது.

இடத்தை நிரப்ப 'அங்கே', 'தானே' என்று போடாதீர்கள். நானும் ஒருமுறை 'நிறம்தானே அங்கே' என்று போட்டேன். பாடிய எல்லாரும் அந்த இடத்தில்தான் குரலைத் தாழ்த்தினார்கள். நிரப்பும் சொல்லுக்கு ஒரு வேலை இருக்கவேண்டும். 'வந்து மூடி நிற்கும்' என்பதில் பனி நகர்கிறது.

எதுகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மஞ்சு, நெஞ்சு இரண்டும் தாளத்தின் முதல் தட்டில் விழுகின்றன, கூட்டமாகப் பாடுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வரிக்கு வருகிறார்கள்.

அப்புறம் அடியின் முடிவு. 'நிறம்' என்று வாயை மூடினால் நீட்ட முடியாது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். 'லே', 'தே' என்று நெடிலில் முடிந்தால் மிச்சமுள்ள இரண்டு எண்ணிக்கையை நீட்டிக்கொள்ளலாம், வேண்டுமானால் அங்கேயே மூச்சும் வாங்கிக்கொள்ளலாம்.

மூல வெண்பாவைத் தூக்கிப் போடவேண்டாம். எங்கள் குழுவில் ஒருவர் அதைத் தாளமில்லாமல், விருத்தம்போல் இழுத்துப் பாடுவார். அவர் 'நிறம்' என்று நிறுத்தியதும் மற்றவர்கள் கைத்தாளத்தோடு கண்ணியை எடுக்கிறார்கள்.